மூன்று வேளை மாத்திரை

என் நாத்தனார் புனிதா பரீட்சை மண்டபத்தில் தூங்கிவிட்டாள். லேசாகக் கண்ணயர்ந்தாள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. விடைத்தாளின் மேல் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறாள். மேற்பார்வைக்கு நின்றவர் தோளைத் தட்டி எழுப்பியதற்கு, "அடுத்த ஸ்டேஷன் கிள்ளானா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாளாம். இதை அவளாகச் சொல்லவில்லை. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி போன் செய்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை என்றால் அது பொய்.

சிரித்து முடித்த பிறகுதான் குழப்பம் வந்தது. ஏனென்றால் புனிதா தூங்குகிற ஜாதியே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிறவி அவள். மேகி பொட்டலத்தில் இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். சிவப்பு விளக்கு எரிந்தால், தெருவில் ஒரு பூனைகூட இல்லாவிட்டாலும், ரோட்டைத் தாண்ட மாட்டாள். "ரூல்ஸ் பொஸ்தகத்துக்குக் கை கால் முளைச்ச மாதிரி" என்று என் வீட்டுக்காரர் யுகேந்திரன் தங்கையைக் கிண்டல் செய்வார். அவர் செலாயாங் பாசாருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். அவர் எந்த ரூலை மதித்தார் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் இருப்பது கிள்ளானுக்குப் பக்கத்தில், மேருவில். மாமியார் இராஜம்மா, நான், என் வீட்டுக்காரர், புனிதா. நான்கு பேர்தான். புனிதா தினமும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போகிறாள். பாலர் பள்ளி ஆசிரியர் டிப்ளோமா. "பிள்ளைங்கள தூங்க வைக்கப் படிக்கச் சொன்னா, இவ தூங்கிட்டு வந்திருக்கா" என்று நான் சொன்னது அன்றைக்கு வீட்டில் நன்றாகத்தான் எடுபட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பேப்பர் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் தெரியும். குழந்தை வளர்ச்சி என்ற பாடம் அது. அதில் தேறாதவர்களைப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். கிள்ளானில் ஒரு பாலர் பள்ளியில் அவளுக்குப் பயிற்சி இடம் பேசி முடித்தாகிவிட்டது. இந்தத் தவணையை விட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். கூடப் படித்தவர்கள் எல்லாம் முடித்துக்கொண்டு போக, இவள் மட்டும் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். மேற்பார்வையாளர் அறிக்கையில் "மாணவி உறங்கினார்" என்று எழுதிவிட்டார். என்ன நடந்தது என்று ஒரு வாரத்துக்குள் அவளுடைய விரிவுரையாளருக்கு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவார்.

காரணம் தெரியாததும் இல்லை. மாத்திரைதான்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. கை, கழுத்து, முதுகு எல்லாம் கொசு கூட்டமாகக் கடித்த மாதிரி வீங்கிச் சிவந்து, ஓரிடத்தில் அடங்கினால் இன்னோரிடத்தில் கிளம்பியது. மேருவிலேயே இருக்கிற கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு அலர்ஜி என்றார். எதனால் என்று அவருக்கும் தெரியவில்லை, முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாமலேயே போய்விடும் என்றார். சின்ன மஞ்சள் மாத்திரை, ஐந்து நாளைக்கு. பிளாஸ்டிக் பொட்டலத்தின் மேல் வழக்கமான மலாய் எழுத்து: ஒரு மாத்திரை, நாளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்குப் பின். அதற்குக் கீழே, தூக்கம் வரலாம் என்று ஒரு வரி. "மோட்டார் ஓட்டுவியா?" என்று டாக்டர் கேட்டார். இவள் இல்லை என்றாள். பரீட்சை இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி இவளுக்குப் பழக்கமில்லை.

அன்று மதியமே நன்றாகத் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், மதியம் சாப்பிட்டுப் புத்தகத்தை விரித்தவள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தாள். திங்கட்கிழமை கல்லூரி நூலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ரயிலில் தூங்கி, கிள்ளானைத் தாண்டி, கடைசியில் போர்ட் கிள்ளானில் போய் இறங்கியிருக்கிறாள். அவள் அண்ணன்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். "கப்பலேறி இந்தியாவுக்கே போயிட்டு வந்திருக்கலாம்ல?" என்றேன். அரிப்பு என்னவோ குறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை பரீட்சை.

"மாத்திரையை நிறுத்தியிருக்கலாமேடி?" என்று பிறகு கேட்டேன்.

"அம்மாதான் மருந்தப் பாதியில விடக்கூடாதுன்னாங்க அண்ணி. அதோட, நிறுத்துனா அரிச்சுக்கிட்டே எப்படி எழுதறது?"

மாமியாருக்கு எல்லா மருந்தும் ஒன்று. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கிருமி மருந்தை முடிக்கச் சொன்னார்கள் என்றால், தலைவலி மாத்திரையையும் அட்டை தீரும் வரை முடித்தாக வேண்டும்.

முதல் கடிதத்தைப் புனிதா ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதினாள் என்பதைவிட, இணையத்தில் எங்கிருந்தோ இறக்கி, பெயரை மட்டும் மாற்றினாள். "தவிர்க்க முடியாத மருத்துவக் காரணத்தால்" என்று அதில் மூன்று இடத்தில் இருந்தது. விரிவுரையாளர் பெயர் சுலைகா. தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "இத நீ எழுதல. தமிழ்ல எழுது, என்கிட்ட பேசற மாதிரி எழுது. குழுவுக்குப் போறத நான் சரியா மொழிபெயர்த்துக்கறேன்" என்றிருக்கிறார்.

இரண்டாவதைத் தமிழில் எழுதினாள். எனக்கு வாசித்தும் காட்டினாள். "டாக்டர் கொடுத்த அலர்ஜி மாத்திரையை, அவர் சொன்னபடி ஒரு நாளைக்கு மூன்று வீதம் நான்கு நாட்கள் சாப்பிட்டேன். அதனால் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது." இதில் என்ன குறை இருக்கிறது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மிஸ் சுலைகா அதையும் ஏற்கவில்லை. "இந்த மஞ்சள் மாத்திரைய நாட்டுல பாதிப் பேரு போடறாங்க புனிதா. கொஞ்சம் அசத்தும், கொட்டாவி வரும். எழுப்பியும் எந்திரிக்கலன்னா, குழு இதை நம்பாது. வேற ஏதோ இருக்குன்னு நெனைப்பாங்க. டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

வேற ஏதோ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டு மாமியார் ஒரு மூச்சு அழுதார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நல்ல பெண்ணுக்குக் கெட்ட பெயர் வர எவ்வளவு நேரமாகும்? ஒரு கொட்டாவி போதும்.

கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். அப்போது நான் வேலைக்குப் போகவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவள் நான். ஆனால் வயிற்றில் மூன்று மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை இதே மூன்றாம் மாதத்தில்தான் கலைந்துபோனது. அதனால் பெரிய ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை நான் அதிக நேரம் நிற்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து என் வாய்தான் நீண்டது.

டாக்டர் கணினியைப் பார்த்தார். "குளோர்பெனிரமின், நாலு மில்லிகிராம். சின்ன டோஸ்தான்" என்றார். பிறகு புனிதாவைப் பார்த்து, நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். உடம்பில் ஹிஸ்டமின் என்று ஒன்று இருக்கிறதாம். அலர்ஜி வந்தால் தோலில் அது கிளம்பி அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். மாத்திரை போய் அதை மறிக்கும். ஆனால் மூளையில் நம்மை விழிக்க வைப்பதும் அதே ஹிஸ்டமின்தான். இது பழைய காலத்து மாத்திரை, மூளைக்குள்ளும் நுழைந்துவிடும். தோலில் மறிக்கிற மாதிரியே அங்கேயும் மறிக்கும். அதனால்தான் தூக்கம்.

"அப்போ மாத்திரையாலதான்னு எழுதிக் கொடுங்க டாக்டர்" என்றேன் நான்.

"அங்கதான் எனக்குக் கொழப்பமா இருக்கு" என்றார் அவர். "ஒரு வேளைக்கு ஒண்ணுன்னா மந்தமா இருக்கும். தட்டி எழுப்பியும் எந்திரிக்காத அளவுக்குப் போகாது லா. இருமல் மருந்து ஏதும் சேத்துக் குடிச்சியாம்மா? சளி மாத்திரை? அதுலயும் இதே வகை மருந்து இருக்கும்."

"இல்ல டாக்டர்."

"தூக்க மாத்திரை?"

"ஐயோ, இல்ல டாக்டர்."

"நான் சொன்ன மாதிரிதான போட்ட?"

"ஆமா டாக்டர். ஒரு நாளைக்கு மூணு. கூட ஒண்ணும் போடல."

"ஒழுங்கா சாப்பிடறியா?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "சாப்பிடறேன் டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். என்ன மருந்து கொடுத்தேன், என்றைக்குக் கொடுத்தேன், தூக்கம் வரும் என்பதெல்லாம் எழுதித் தருகிறேன்; இந்த அளவுக்குத் தூங்கினதற்கு இதுதான் காரணம் என்று எனக்கே தெரியாததை எழுத முடியாது என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மருந்து இவருடையது, தூங்கினது எங்கள் பெண், நடுவில் எழுதத் தெரியாதா? ஆனால் வெளியே வந்து யோசித்தால், மனுஷன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எரிச்சல். மருந்தும் சரி, அளவும் சரி, ஆளும் சரி. பிறகு எதுதான் தப்பு?

புனிதா அதைவிடக் குழம்பிப்போயிருந்தாள். "அண்ணி, எனக்கு மூளையில ஏதாச்சும் கோளாறா இருக்குமா?" என்று காரில் கேட்டாள். "நெஜமாவே சொல்றேன், நான் சரியாத்தான் போட்டேன்."

அதைக் கேட்டதும் என் கிண்டலெல்லாம் அடங்கிவிட்டது.

கடைசி நாளுக்கு முதல் நாள் பிரிக்பீல்ட்ஸுக்கு நானும் போனேன். நிற்கத்தான் கூடாது என்றார்கள், உட்கார்ந்துகொண்டு போகக்கூடாது என்று சொல்லவில்லையே. ரயிலில் இடம் கிடைத்தது. சென்ட்ரலில் இருந்து வெளியே வந்தால் பூமாலைக் கடைகளில் எல்லாம் தைப்பூசக் களை. மஞ்சள் துணியும், மயில் இறகும், செம்புக் குடமும் அடுக்கி வைத்திருந்தார்கள். புனிதா ஒரு கடையையும் பார்க்காமல் குனிந்தபடி நடந்தாள்.

மிஸ் சுலைகாவின் அறை சின்னது. என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். டாக்டரின் கடிதத்தைப் படித்தார், புனிதாவின் கடிதத்தைப் படித்தார், மறுபடி டாக்டருடையதைப் படித்தார். அவரும் எங்கள் குழப்பத்தில் வந்து சேர்ந்துகொண்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சரி, பரீட்சை அன்னிக்கு என்ன செஞ்ச? காலையில இருந்து சொல்லு. ஒண்ணும் விடாத" என்றார்.

"காலையில எந்திரிச்சு, குளிச்சு, சாமி கும்பிட்டு, ரயில் ஏறினேன் மிஸ். நூலகத்துல படிச்சேன். மதியம் கீழ கடையில சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். ரெண்டு மணிக்குப் பரீட்சை."

"காலை மாத்திரை எப்போ போட்ட?"

"காலையில போடல மிஸ்."

"ஏன், மறந்துட்டியா?"

"இல்ல மிஸ், காலையில சாப்பிடலையே. சாப்பாட்டுக்குப் பின்னாடின்னு போட்டிருக்கு."

மிஸ் கடிதத்தைக் கீழே வைத்தார். "அதுக்கு முந்தின நாள் ராத்திரி?"

"ராத்திரியும் சாப்பிடல மிஸ்."

"அப்ப ஒரு நாளைக்கு மூணு போட்டேன்னு எழுதியிருக்கியே?"

"போட்டேனே மிஸ்." புனிதா குரலில் ஒரு துளி கள்ளம் இல்லை. "மதியம் ஒரு வேளைதான் சாப்பிடறேன். அதுக்குப் பின்னாடி மூணையும் போட்டேன். மூணு வேளைக்கு மூணு. கணக்கு சரியாத்தான இருக்கு?"

மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்" என்றார். "மூணையும் ஒண்ணா?"

நான் உடனே கிளினிக்குக்குப் போன் போட்டேன். டாக்டர் லைனில் வந்ததும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து விஷயத்தைச் சொன்னேன். "ஆ! இப்பதான் ஒத்து வருது" என்றார் அவர், ஏதோ தொலைத்ததைக் கண்டுபிடித்த மாதிரி. ஒரு வேளைக்கு உரியதைப்போல மூன்று மடங்கு ஒரே நேரத்தில் உள்ளே போயிருக்கிறது. விழுங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அது உச்சத்துக்குப் போகும். அவள் பரீட்சை எழுத உட்கார்ந்தது சரியாக அந்த நேரத்தில். போதாததற்கு இந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். ஒரு நாள் கழித்தும் பாதிக்குப் பக்கம் நிற்கலாம். சனி, ஞாயிறு, திங்கள் என்று மிச்சம் மேல் மிச்சமாகச் சேர்ந்திருக்கும். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு வேறு. "மூணு வேளைன்னா பிரிச்சுப் போடறதுக்கும்மா. சேத்துப் போடறதுக்கு இல்ல. அந்த சாப்பாட்டுக்குப் பின்னாடிங்கறது வயித்தப் பெரட்டாம இருக்கத்தான். வெறும் வயித்துலயும் போடலாம், ஒண்ணும் ஆகாது. நல்லவேளை, இதோட போச்சு. இனி அதைத் தொடாத. வந்து பாரு, வேற தரேன்" என்றார்.

புனிதாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். மூளையில் கோளாறு இல்லை என்ற நிம்மதியும், இவ்வளவுதானா என்ற அவமானமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"எங்க வீட்டுல நோன்பு மாசம் பொறந்தா மொத வேலையே இதுதான்" என்றார் மிஸ் சுலைகா. "எங்க அத்தாவுக்கு சக்கரை. எந்த மாத்திரை விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு, எது நோன்பு தொறந்த பின்னாடின்னு முன்னாடியே போயி கேட்டுட்டு வந்துருவோம். நீ ஏன் டாக்டர்கிட்ட சொல்லல? ஏன் ஒரு வேளை சாப்பாடு?"

"விரதம் மிஸ். தைப்பூசத்துக்கு பத்துமலையில பால்குடம்."

எனக்கு அது புதுசு. தைப்பூசத்துக்கு வீடே சைவம்தான். அதில் ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் ஒரு வேளை? காலையில் கல்லூரியில் சாப்பிடுகிறேன் என்பாள், ராத்திரி வெளியே சாப்பிட்டேன் என்பாள், லீவு நாளில் பசியில்லை என்பாள். நாங்களும் நம்பினோம். "இது எப்ப இருந்துடி? பரீட்சைய வச்சுக்கிட்டு ஒரு வேளைன்னு யாரு ஒன்னைய வேண்டிக்கச் சொன்னா?" என்று சத்தம் போட்டேன்.

"வேண்டுதல நெறவேத்தற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாது அண்ணி."

"சொல்லாம இருந்துதான் இந்தக் கதி. எதுக்குடி வேண்டிக்கிட்ட?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில், என் வயிற்றைப் பார்த்தாள்.

"இந்தத் தடவையாச்சும் நிக்கணும்னு அண்ணி."

அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று இப்போதும் தெரியாது. என் வயிற்றுப் பிள்ளைக்காக இவள் தன் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறாள். இரண்டு தடவை இழந்தபோது நான் அழுததைவிட அதிகமாக அவள் அழுதாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மிஸ் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். புனிதா "அழாதீங்க அண்ணி, ஒடம்புக்கு ஆகாது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீரைக் குடித்ததும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. மிஸ்ஸிடம் நேராகவே கேட்டேன், இதை எழுதினால் குழு என்ன செய்யும் என்று. அவரும் மறைக்காமல் சொன்னார். டாக்டர் சொன்னபடி சாப்பிட்டும் மருந்து இப்படிச் செய்துவிட்டது என்று குழு நினைத்தால், பரீட்சையைப் புதிதாக எழுதலாம், வாங்குகிற மார்க்கு முழுதாகக் கிடைக்கும். மாணவியின் தவறு என்று நினைத்தால் இரண்டு வழி. மறுத்தாலும் மறுக்கலாம். எழுத விட்டாலும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சி மார்க்குக்கு மேல் தர மாட்டார்கள்.

"அப்போ டாக்டர் எதையும் வெளக்கமா சொல்லலன்னு எழுதுவோம்" என்றேன். "உண்மைதான? பிரிச்சுப் போடுன்னு அவர் வாயத் தொறந்து சொன்னாரா?"

எழுதப்போகிறவள் சொல்லட்டும் என்று மிஸ் புனிதாவைப் பார்த்தார்.

"ஒரு தடவைக்கு ஒண்ணுன்னு பொட்டலத்துலயே போட்டிருந்துச்சு அண்ணி. ரெண்டாந்தடவ போனப்ப ஒழுங்கா சாப்பிடறியான்னும் கேட்டாரு, நான்தான் ஆமான்னேன்" என்றாள் புனிதா. "அவர் மேல போட்டா எனக்குப் பரீட்சையே வேணாம்."

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவளிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? அங்கேயே, அந்த மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினாள். விரதம் எதற்கு என்பது உங்கள் வீட்டு விஷயம், அது வேண்டாம் என்று மட்டும் மிஸ் சொன்னார். எழுதி முடித்து எங்கள் இருவருக்கும் வாசித்தாள்.

"மதிப்பிற்குரிய மிஸ், நான் பரீட்சையில் தூங்கியது உண்மை. எனக்கு உடம்பில் தடிப்பு வந்து, டாக்டர் குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்தார். ஒரு தடவைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்குப் பின் என்று பொட்டலத்தில் இருந்தது. தூக்கம் வரும் என்றும் இருந்தது. நான் விரதத்தில் இருந்தேன். மதியம் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டேன். அதனால் மூன்று மாத்திரையையும் அந்த ஒரு சாப்பாட்டுக்குப் பின் சேர்த்துப் போட்டேன். நான்கு நாளும் அப்படித்தான். மூன்றும் சேர்ந்ததால் மருந்து உச்சத்தில் இருந்த நேரமும் பரீட்சை நேரமும் ஒன்றாகிவிட்டன என்று டாக்டர் இப்போது சொல்கிறார். விரதத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் மேல் குற்றம் இல்லை. முந்தின மூன்று நாளும் மதியத்தில் தூங்கிப்போனேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முதல் கேள்விக்குப் பாதிப் பதில் எழுதியது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் படிக்காமல் வரவில்லை. தயவுசெய்து இன்னொரு தடவை எழுத விடுங்கள். இப்படிக்கு, புனிதா."

மிஸ் அதை வாங்கி, இரண்டாவது தடவை தானே படித்தார். "இது நீ எழுதினது" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரும் புதுக் கடிதம் கொடுத்தார். வேறு மாத்திரையும் கொடுத்தார். நாளைக்கு ஒன்றே ஒன்று, மூளைக்குள் அவ்வளவாகப் போகாத வகை, சாப்பாட்டோடு சம்பந்தமில்லை. ஆனாலும் சிலருக்கு லேசாக அசத்தலாம், முதல் தடவை வீட்டில் இருக்கும்போது போட்டுப் பார் என்றார். இந்தத் தடவை புனிதா விரதம், பரீட்சை, ரயில் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கும் வரை டாக்டரை விடவில்லை.

விரதத்தை விடச் சொல்லி நான் தலைகீழாக நின்று பார்த்தேன். அசையவில்லை. மாமியார்தான் பஞ்சாயத்து பண்ணினார். பாலும் பழமும் சாப்பாட்டுக் கணக்கில் வராது, முருகனுக்கே அது தெரியும் என்றார். அதன் பிறகு காலையும் ராத்திரியும் அவள் பக்கத்தில் நின்று, வாழைப்பழம் உள்ளே போகிறதா என்று பார்ப்பது என் வேலையாகிவிட்டது.

குழுவின் முடிவு தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வந்தது. மறுபடி எழுதலாம், பயிற்சிக்கும் போகலாம். ஆனால் தவறு மாணவியுடையது என்பதால், தேர்ச்சி மார்க்குக்கு மேல் கிடையாது. முதல் தவணையிலிருந்து எல்லாப் பாடத்திலும் முதல் நிலை வாங்கியவள் அவள். சான்றிதழில் இந்த ஒரு பாடத்துக்கு நேராக மட்டும், தட்டுத்தடுமாறித் தேறினவள் மார்க்குதான் நிற்கும்.

மாமியார் முருகா முருகா என்று சந்தோஷப்பட்டார். எனக்கு ஆறவில்லை. அடுக்களையில் அவள் தனியாக இருந்தபோது கேட்டுவிட்டேன். "உண்மையச் சொன்னதுக்கு இதான் கூலியா? எனக்காகத்தான போச்சு ஒன் மார்க்கு?"

அவள் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். "மார்க்கு போனா போகட்டும் அண்ணி" என்றாள். "நான் டாக்டர் மேல பழியப் போட்டுட்டு மலை ஏறிப் போயி, பிள்ளையக் குடுன்னு கேட்டா, எந்த மொகத்தோட கேக்கறது?"

அவள் கையிலிருந்த பழத்தில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். வாங்கி, மேரு முழுக்கப் பெயர் வாங்கின என் வாயை அதால் அடைத்துக்கொண்டேன்.